வயலைக் குத்தகைக்கு விடும்போதும் எடுக்கும்போதும்: காவிரிப் படுகையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீட்டில் இரண்டு தலைமுறையாகக் குத்தகை நிலத்தில்தான் சாகுபடி. அப்பாவுக்குப் பின் நானும் சில போகம் செய்தேன். இப்போது ஊரில் யாராவது குத்தகைப் பேச்சு பேசினால் தாள் எழுத என்னைக் கூப்பிடுகிறார்கள். நிலத்துக்காரர்களும் சாகுபடி செய்பவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே எழுதியிருக்கிறேன். நெல் விளையும் தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறைப் பக்கத்துப் பழக்கத்தை வைத்து எழுதியது இது. கோயில், மடம், அறக்கட்டளை நிலங்களுக்குத் தனிச் சட்டமும் தனி நடைமுறையும் உண்டு. அவற்றுக்கு இதை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பக்கத்து வீட்டுக்காரர்தான் எடுக்கிறார். வாய்ப்பேச்சு போதாதா, தாள் எதுக்கு?

நல்ல விளைச்சல் வந்த வருடத்தில் வாய்ப்பேச்சே போதும். சண்டை வருவது விளையாத வருடத்திலும், நிலத்துக்காரரின் பிள்ளைகள் கைக்கு நிலம் மாறும்போதும்தான். அப்பாவோடு பேசிய பேச்சு பிள்ளைக்குத் தெரியாது.

இன்னொரு காரணமும் உண்டு. சாகுபடி செய்பவர் பயிர்க் காப்பீடு போட வேண்டும் என்றாலும், அரசு கொள்முதல் நிலையத்தில் நெல் போட வேண்டும் என்றாலும், அந்த வயலில் பயிர் வைத்திருப்பவர் அவர்தான் என்று கிராம நிர்வாக அலுவலர் சான்று தர வேண்டும். நிலத்துக்காரர் எழுதிக் கொடுத்த தாள் இருந்தால் அந்தச் சான்று சுலபமாகக் கிடைக்கும். இல்லாவிட்டால் நிலத்துக்காரர் பெயரிலேயே காப்பீடும் நெல்லும் போகும், பணம் அவர் வங்கிக் கணக்கில் விழும். அப்புறம் அதைக் கேட்டு வாங்கும் வேலை தனி.

நிலத்துக்காரர்கள் பலர் தாளுக்குப் பயப்படுகிறார்கள். எழுதிக் கொடுத்தால் நிலம் போய்விடும் என்று நினைக்கிறார்கள். அதற்கு அடுத்த பதில்.

பதினோரு மாசம்னு எழுதிட்டா குத்தகைச் சட்டம் வராதுன்னு சொல்றாங்களே, உண்மையா?

இல்லை. பதினோரு மாதக் கணக்கு பத்திரப் பதிவைப் பற்றியது. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையை 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி பதிவு செய்ய வேண்டும் என்பதால் அப்படி எழுதும் வழக்கம் வந்தது. சாகுபடியாளருக்குப் பாதுகாப்பு தருவது வேறு சட்டம்: 1955ஆம் ஆண்டின் தமிழ்நாடு பயிரிடும் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம். அது தாளில் எழுதிய காலத்தைப் பார்ப்பதில்லை. இன்னொருவர் நிலத்தில், எழுத்தாகவோ வாய்ப்பேச்சாகவோ ஏற்பட்ட குத்தகையின் பேரில், தன் உடலுழைப்பையோ குடும்பத்தாரின் உடலுழைப்பையோ போட்டுப் பயிர் செய்கிறவர் யாரோ, அவர்தான் பயிரிடும் குத்தகைதாரர். ஒப்பந்தக் காலம் முடிந்த பிறகும் நிலத்தைக் கையில் வைத்துப் பயிர் செய்துகொண்டிருந்தால் அவரையும் அந்தச் சொல் சேர்த்துக்கொள்கிறது.

ஆகவே வாய்ப்பேச்சாக விட்டால் தப்பிவிடலாம் என்பதும் சரியில்லை. தாள் இல்லாமலே ஒருவர் குத்தகைதாரர் ஆகலாம். தாள் இருந்தால், என்ன நிபந்தனையில் எவ்வளவு நிலம் விட்டோம் என்பதாவது கையில் இருக்கும். "நான் பயிரிடும் குத்தகைதாரர் இல்லை" என்று முன்கூட்டியே கையெழுத்து வாங்கிக்கொள்ளும் பழக்கமும் இருக்கிறது. வயலில் இறங்கி உழைக்கிறவரைப் பார்த்து அதிகாரி முடிவு செய்வாரே தவிர, அந்த வரியைப் பார்த்து அல்ல.

மறுபுறம், ஊரில் கடை வைத்துக்கொண்டு ஆள் விட்டு மட்டும் சாகுபடி செய்கிறவருக்கு இந்தப் பாதுகாப்பு கிடைக்காது. மேற்பார்வை மட்டும் பார்த்தால் அது உடலுழைப்பு ஆகாது.

குத்தகைக்கும் வாரத்துக்கும் என்ன வித்தியாசம்? எது நல்லது?

குத்தகையில் அளவு முன்பே நிலையானது: மாவுக்கு இத்தனை மூட்டை, அல்லது ஏக்கருக்கு இத்தனை ரூபாய். வாரத்தில் கண்டுமுதலைப் பார்த்து, அதில் பங்கு. பாதிக்குப் பாதி என்றும், மூன்றில் ஒன்று என்றும் ஊருக்கு ஊர் மாறும். விதை, உரம், நடவுக்கூலி, அறுவடை வண்டி வாடகையில் நிலத்துக்காரர் எவ்வளவு போடுகிறார் என்பதைப் பொறுத்தே பங்கு பேசப்படும்.

என் கருத்து இது. தண்ணீர் நிச்சயமில்லாத கடைமடை வயலுக்கு வாரம் நல்லது, ஏனென்றால் நட்டத்தையும் இருவரும் சுமப்பார்கள். ஆனால் நிலத்துக்காரர் அறுவடை அன்று களத்தில் இருக்க முடியாவிட்டால் வாரம் ஓடாது. "எத்தனை மூட்டை கண்டது" என்ற சந்தேகம் ஒருமுறை வந்துவிட்டால் அது போகவே போகாது. சென்னையிலோ வெளிநாட்டிலோ இருப்பவர் குத்தகையாகப் பேசி, வறட்சி வெள்ளத்துக்குக் கழிவு எழுதிக்கொள்வது மேல்.

மாவுக்கு மூணு மூட்டைன்னு பேசி முடிச்சாச்சு. இதுல சண்டைக்கு என்ன இருக்கு?

மூட்டையில்தான் இருக்கிறது. நான் பார்த்த குத்தகைத் தகராறுகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு சொல்லில் வந்தது.

டெல்டாவில் விவசாயி வாயில் மூட்டை என்றால் பொதுவாக 60 கிலோ. பழைய கணக்கில் அது இரண்டு கலம். அரசு நேரடி கொள்முதல் நிலையத்தில் ஒரு மூட்டை 40 கிலோ. வேறு மாவட்டத்து வியாபாரிகள் சிலர் 75 கிலோ கணக்கில் பேசுவார்கள். எல்லாரும் மூட்டை என்றே சொல்வார்கள்.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். 9 மா நிலம், ஏறக்குறைய 3 ஏக்கர். மாவுக்கு 3 மூட்டை என்றால் மொத்தம் 27 மூட்டை. 60 கிலோவாக எடுத்தால் 1,620 கிலோ. 75 கிலோவாக எடுத்தால் 2,025 கிலோ. 40 கிலோவாக எடுத்தால் 1,080 கிலோதான். 2025-26 பருவத்தில் தமிழ்நாட்டில் சாதாரண ரக நெல்லுக்கு, மாநில ஊக்கத்தொகை சேர்த்து, கொள்முதல் விலை குவிண்டாலுக்கு ரூ.2,500. அந்த விலையில் அதே 27 மூட்டை முறையே ரூ.40,500, ரூ.50,625, ரூ.27,000 ஆகிறது. ஒரே பேச்சு, மூன்று தொகை.

அதனால் தாளில் மூட்டை என்று மட்டும் எழுதாதீர்கள். "1,620 கிலோ, அதாவது 60 கிலோ வீதம் 27 மூட்டை" என்று எழுதுங்கள். சாக்கின் எடை சேருமா கழியுமா என்பதையும் சேர்த்துவிடுங்கள். மாவையும் அப்படியே செண்டாக எழுத வேண்டும். 100 குழி ஒரு மா, அது 33 செண்டு. புல எண்ணில் உள்ள பரப்பும் ஊர்க்கணக்கு மாவும் பல இடங்களில் ஒத்துப்போகாது. வரப்பும் வாய்க்காலும் போகப் பயிர் நிற்கும் பரப்பு குறையும். எந்தப் பரப்புக்குக் குத்தகை என்று முடிவு செய்யுங்கள்.

அறுத்த அன்னைக்கே அளந்து கொடுத்துடறேன்னு சொல்றார். காய வெச்சுக் கொடுக்கணும்னு கேட்கலாமா?

கேட்கலாம், ஆனால் முதலிலேயே பேசியிருக்க வேண்டும். வண்டி வைத்து அறுத்த நெல்லில் ஈரம் 22 சதவீதம் இருப்பது தை மாதப் பனியில் சாதாரணம். கொள்முதல் நிலையம் கேட்பது 17 சதவீதம். சில வருடம் மழையைப் பார்த்து அரசு தளர்த்தும், அதை நம்பி எழுத முடியாது. 22 சதவீத ஈரத்தில் 1,620 கிலோ அளந்து வாங்கினால், 17 சதவீதத்துக்குக் காய்ந்த பிறகு கையில் இருப்பது சுமார் 1,522 கிலோ. ஏறக்குறைய 98 கிலோ, ஒன்றரை மூட்டைக்கு மேல், வெயிலோடு போய்விடும்.

இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. ஈர நெல்லைக் கொடுத்தவருக்கும் அதைக் காய வைக்கும் கூலி மிச்சம். அதனால் இரண்டில் ஒன்றை எழுதுங்கள்: 17 சதவீத ஈரத்தில், தூற்றிப் பதர் நீக்கி, இந்த எடை, அல்லது களத்து ஈரத்தில், இத்தனை கிலோ கூடுதலாக. கொள்முதல் நிலையத்து ஈரமானியில் ஒரு கை நெல்லைப் போட்டுப் பார்த்தால் எண் தெரிந்துவிடும்.

நெல்லுக்குப் பதில் பணம் என்றால், எந்த விலை என்பதைச் சொல்லுங்கள். கொள்முதல் விலை ரூ.2,500 இருக்க, களத்துக்கு வந்த வியாபாரி ரூ.2,000 கொடுத்தால், 1,620 கிலோவுக்கு ரூ.8,100 வித்தியாசம். நெல்லா பணமா என்று தேர்ந்தெடுக்கும் உரிமை யாருக்கு என்பதையும் எழுத மறக்க வேண்டாம்.

27 மூட்டை கேட்கிறாங்க. அதிகம்னு தோணுது. சட்டத்துல அளவு ஏதாவது இருக்கா?

இருக்கிறது. 1956ஆம் ஆண்டு நியாயக் குத்தகைச் சட்டம், பின்னர் திருத்தப்பட்டபடி, வழக்கமான மொத்த விளைச்சலில் 25 சதவீதத்தை நியாயக் குத்தகையாக வைக்கிறது. மேலே சொன்ன 3 ஏக்கரில் ஏக்கருக்கு 30 மூட்டை வழக்கமான கண்டுமுதல் என்றால் மொத்தம் 90 மூட்டை. அதில் கால் பங்கு இருபத்திரண்டரை மூட்டை. 27 மூட்டை என்பது 30 சதவீதம். சாகுபடியாளர் விண்ணப்பித்தால் குறைத்துத் தீர்மானிக்க முடியும்.

நடைமுறையில் யாரும் போவதில்லை, அடுத்த வருடம் நிலம் கிடைக்காதே என்று. நிலத்துக்காரர்களுக்கு நான் சொல்வது: கால் பங்கை ஒட்டிக் கேளுங்கள். அந்த நாலரை மூட்டைக்காக நிலத்தில் எரு போடாத, வரப்பு கட்டாத ஆளாக அவரை மாற்றிவிடாதீர்கள்.

தண்ணி பத்தி என்ன எழுதணும்? மேட்டூர் திறந்தா வருது, இல்லைன்னா போர் இருக்கு.

எங்கள் வீட்டு அனுபவத்திலிருந்து சொல்கிறேன். அப்பா 3 ஏக்கர் சம்பாவுக்கு எடுத்தார். அதே போரில் நிலத்துக்காரருக்கும் பக்கத்தில் 2 ஏக்கர் இருந்தது. "தண்ணீர் இருக்கிறது, கவலை வேண்டாம்" என்று பேசி முடித்தார்கள். கதிர் தொண்டையில் நிற்கும் நேரம் வாய்க்கால் வறண்டது. மும்முனை மின்சாரம் வரும் நேரம் முழுக்க முதலில் அவர் வயலுக்குப் போனது. பிறகு மோட்டார் காயில் கருகியது. யார் கட்டுவது என்று பேசிக்கொண்டே ஒன்பது நாள் போயிற்று. அந்த ஒன்பது நாளில் பாதிக் கதிர் சாவியாகிவிட்டது. குத்தகை மட்டும் குறையவில்லை, ஏனென்றால் தண்ணீரைப் பற்றி எங்கேயும் எழுதவில்லை.

அதிலிருந்து நான் எழுதும் எந்தத் தாளிலும் தண்ணீருக்குத்தான் அதிக இடம். முதலில் ஆற்றுப் பாசனம்: எந்த வாய்க்கால், எந்த மடை, முறை வைத்துப் பாயும் இடமானால் எந்த நாள். மேல் வயல் வழியாகத் தண்ணீர் வருகிறதா, மேல் வயல்காரர் சம்மதம் உண்டா என்று நேரில் நடந்து பார்க்க வேண்டும். கண்ணி வாய்க்கால் வெட்டிச் சுத்தம் செய்வது சாகுபடியாளர் வேலை என்பது பொது வழக்கம்.

அடுத்தது போர். மின் இணைப்பு நிலத்துக்காரர் பெயரில் இருக்கும், விவசாயத்துக்கு மின்சாரம் இலவசம், ஆகவே மின்கட்டணப் பேச்சு எழாது. எழுவது நேரமும் பழுதும். நேரத்தைப் பரப்பு விகிதத்தில் பிரியுங்கள்: 3 ஏக்கருக்கும் 2 ஏக்கருக்கும் ஒரே போர் என்றால் ஐந்து நாளில் மூன்று நாள் ஒருவருக்கு, இரண்டு நாள் மற்றவருக்கு. மணிக்கணக்கில் பிரித்தால் மின்வெட்டு வரும்போது குழப்பம், நாள் கணக்கே நல்லது. பழுதில் சிறியதைச் சாகுபடியாளரும், மோட்டார் மாற்றுவது, போரைத் தூர்வாருவது, ஆழப்படுத்துவது போன்ற பெரியதை நிலத்துக்காரரும் ஏற்பது முறை. காயில் கட்டுவது எதில் சேரும் என்பதைப் பெயர் சொல்லி எழுதுங்கள். பழுது நேர்ந்தால் மூன்று நாளில் சரிசெய்ய வேண்டும், நிலத்துக்காரர் செய்யாவிட்டால் சாகுபடியாளர் செய்து ரசீதைக் காட்டிக் குத்தகையில் கழிக்கலாம் என்று ஒரு வரி போதும். அந்த வரி இருந்திருந்தால் எங்கள் ஒன்பது நாள் மூன்று நாளாகியிருக்கும்.

நிலத்துக்காரர் அதே போரிலிருந்து மூன்றாவது ஆளுக்குத் தண்ணீர் விற்பாரா என்றும் கேட்டுவிடுங்கள்.

வடிகாலை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். ஐப்பசி கார்த்திகையில் சம்பா நாற்று மூழ்கி அழுகுவது வடிகால் அடைபட்ட வயலில்தான். வடிகால் எந்தப் பக்கம், அதை அடைத்து யாராவது வேலி போட்டிருக்கிறார்களா என்பதை ஆடியிலேயே பார்த்தால் தெரியும். மழை வந்த பிறகு பார்த்துப் பயனில்லை.

மழையில பயிர் போச்சு. முழுக் குத்தகையும் கொடுக்கணுமா?

வேண்டியதில்லை. புயல், வெள்ளம், வறட்சி போன்றவற்றால் விளைச்சல் முழுவதுமாகவோ பகுதியாகவோ போனால், அந்த விகிதத்தில் குத்தகைக் கழிவு கேட்க நியாயக் குத்தகைச் சட்டமே இடம் தருகிறது. ஆனால் அதை நம்பி அலைவதைவிடத் தாளில் கணக்கு எழுதிக்கொள்வது நல்லது.

மேலே சொன்ன வயலில் 90 மூட்டைக்குப் பதில் 36 மூட்டை கண்டது என்று வையுங்கள். 27 மூட்டையையும் அளந்து கொடுத்தால் மிஞ்சுவது 9 மூட்டை. உரக்கடைப் பாக்கிக்கே அது போதாது. விகிதப்படி பார்த்தால் விளைச்சல் 40 சதவீதம், குத்தகையும் 40 சதவீதம், அதாவது சுமார் 11 மூட்டை. இந்தக் கணக்கு நிற்க வேண்டுமானால் "வழக்கமான கண்டுமுதல் ஏக்கருக்கு 30 மூட்டை" என்று தொடக்கத்திலேயே எழுதியிருக்க வேண்டும். பாதிப்பைத் தெரிந்தவுடன் நிலத்துக்காரரை அழைத்து வயலைக் காட்ட வேண்டும். அறுத்து முடித்த பிறகு சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

பேரிடர் நிவாரணம் 33 சதவீதத்துக்கு மேல் பயிர் சேதமான வயலுக்கு வரும். நிவாரணமும் காப்பீட்டுத் தொகையும் பயிரில் பணம் போட்டவருக்கு என்று எழுதுங்கள். நிலத்துக்காரர் கழிவும் கொடுக்காமல் நிவாரணத்தையும் எடுத்துக்கொள்வது நியாயமில்லை, ஆனால் நடக்கிறது.

குத்தகையை வாங்க மாட்டேங்கிறார். "அப்புறம் பார்க்கலாம்"னு தள்ளுறார். என்ன செய்யறது?

கவனமாக இருங்கள். குத்தகை கொடுக்க வேண்டிய நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் கொடுக்காவிட்டால் அது நிலத்தைவிட்டு வெளியேற்றக் காரணம் ஆகலாம். வாங்க மறுத்துவிட்டுப் பிறகு பாக்கி என்று வழக்குப் போடுவதும் உண்டு. நெல்லின் சந்தை மதிப்பைப் பணமாக வருவாய் நீதிமன்றத்தில் கட்ட 1955ஆம் ஆண்டுச் சட்டம் வழி வைத்திருக்கிறது. அதற்கு முன் வங்கி வழியாக அனுப்பிப் பாருங்கள், அல்லது பதிவுத் தபாலில் "நெல் தயார், எடுத்துக்கொள்ளவும்" என்று எழுதுங்கள். கொடுத்த ஒவ்வொரு முறையும் ரசீது வாங்குங்கள், ஒரு நோட்டில் கையெழுத்தாவது.

வைக்கோல், வரப்புத் தென்னை, புல் எல்லாம் யாருக்கு?

பேசியபடி. வைக்கோல் சாகுபடியாளருக்கு, மரம் நிலத்துக்காரருக்கு என்பது நான் எழுதும் வழக்கம். இப்போது வைக்கோலைக் கட்டும் வண்டி வந்த பிறகு அதற்கு நல்ல விலை இருக்கிறது, அதனால் எழுதிவிடுவது நல்லது.

சம்பாவுக்கு மட்டும்தான் விட்டோம். இப்ப உளுந்தும் போட்டுட்டார். எப்ப நிலத்தைத் திருப்பிக் கேட்கிறது?

சம்பாவும் தாளடியும் எடுத்த வயலில் உளுந்தும் பயறும் நெல் அறுவதற்குச் சுமார் ஒரு வாரம் முன்பே, நிற்கும் பயிருக்குள் ஈரத்தில் தெளிக்கப்படும். ஆகவே நெல் அறுவடை நாளில் நிலம் காலியாக இருக்காது. "சம்பா முடிந்ததும் ஒப்படைக்க வேண்டும்" என்று எழுதினால், அடியில் முளைத்துவிட்ட உளுந்தின் கதி என்ன என்று சண்டை வரும்.

உளுந்து உண்டா இல்லையா, உண்டானால் அதற்குத் தனிக் குத்தகை உண்டா என்று எழுதி, முடிவை பயிரின் பெயரில் வைக்காமல் தேதியில் வையுங்கள். உளுந்துக்கும் சேர்த்து என்றால் ஏப்ரல் 30 வரை. குறுவையும் சேர்ந்தால் மேட்டூர் திறக்கும் ஜூன் 12ஐ ஒட்டியே நாற்றங்கால் வேலை தொடங்கும், ஆகவே அடுத்தவருக்கு விடும் எண்ணம் இருந்தால் மே மாதத்துக்குள் நிலம் கைக்கு வந்திருக்க வேண்டும். அந்தத் தேதியில் பயிர் நின்றால், அறுக்கும் வரை காத்திருப்பது, அந்தக் கூடுதல் நாளுக்குத் தனிக் குத்தகை இல்லை அல்லது இவ்வளவு என்று ஒரு வரி.

முடிஞ்ச தேதியில நிலத்தை விடலைன்னா, நாங்களே போய் உழுதுடலாமா?

கூடாது. சொந்த நிலமே ஆனாலும், சாகுபடி செய்துவந்தவரை நிலத்துக்காரர் தாமாக வெளியேற்ற முடியாது. குத்தகைப் பாக்கி, நிலத்தையோ பயிரையோ பாழாக்கும் அலட்சியம், விவசாயம் அல்லாத வேலைக்கு நிலத்தைப் பயன்படுத்தியது, நிலத்துக்காரரின் உரிமையையே மறுத்தது: இந்தக் காரணங்களோடு வருவாய்க் கோட்டாட்சியரிடமோ, டெல்டாவில் தனித் துணை ஆட்சியர் நடத்தும் வருவாய் நீதிமன்றத்திலோ விண்ணப்பிக்க வேண்டும். பாக்கி என்றால் கட்டத் தவணையும் தருவார்கள். தாமாக விரட்டினால், வெளியேற்றப்பட்டவர் நிலத்தைத் திரும்பக் கேட்டு அதே அதிகாரியிடம் போகலாம்.

நிலத்துக்காரர்கள் பயப்படுவது இதற்குத்தான், அந்தப் பயம் வெறுமையானதும் இல்லை. அதனால்தான் வருடா வருடம் ஆளை மாற்றுகிறார்கள். ஒரே வருடம் என்று தெரிந்த ஆள் வயலுக்குத் தொழு உரம் அடிப்பதில்லை, வரப்பை வெட்டிக் கொஞ்சம் பரப்பைக் கூட்டிக்கொள்கிறார். மூன்று வருடம் இப்படிப் போன வயலைப் பார்த்தாலே தெரியும், வரப்பு கால் வைக்க முடியாத அளவுக்கு மெலிந்திருக்கும். நம்பிக்கையான ஆளுக்குத் தாள் எழுதி மூன்று போகம் விடுவது நிலத்துக்கு நல்லது.

ஒப்படைக்கும் நாளில் இருவரும் வரப்பில் நடக்க வேண்டும். தொடக்கத்தில் எடுத்த நிழற்படங்களோடு ஒப்பிட்டு வரப்பின் அகலம், மடை, எல்லைக் கல், மோட்டார், ஸ்டார்ட்டர், குழாய், கேபிள் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். ஈரமான வயலில் செயின் வண்டி ஓடிய தடம் ஆழமாக இருந்தால், ஒரு ஓட்டு ரோட்டவேட்டர் விட்டுச் சமப்படுத்துவது யார் பொறுப்பு என்று தாளில் இருக்கட்டும். மேல்மண் எடுத்துச் செங்கல் சூளைக்கு விற்றால் அதைச் சாதாரணச் சேதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வளமான மண் போனால் பல போகத்துக்கு வயல் தேறாது.

அப்புறம் ஒப்படைப்புக் கடிதம்: எந்தத் தேதியில், எந்தப் புல எண், என் விருப்பத்தோடு ஒப்படைத்தேன், பாக்கி இல்லை என்று சாகுபடியாளரும், பெற்றுக்கொண்டேன் என்று நிலத்துக்காரரும் இரண்டு சாட்சியோடு கையெழுத்திட வேண்டும். குத்தகை தொடங்கும்போதே தேதி போடாமல் இந்தக் கடிதத்தில் கையெழுத்து வாங்கி வைப்பதைச் சிலர் செய்கிறார்கள். அதில் நான் எழுத்தராக உட்காரமாட்டேன். 1969ஆம் ஆண்டுச் சட்டப்படி குத்தகை உரிமைப் பதிவேட்டில் அவர் பெயர் ஏறியிருந்தால், அதை நீக்கவும் பதிவு அலுவலரிடம் தனியாக விண்ணப்பிக்க வேண்டும்.

ஒரு மாதிரி எழுதிக் காட்டுங்களேன்.

மேலே சொன்ன 3 ஏக்கருக்கு நான் எழுதுவது இப்படி இருக்கும். பெயர், முகவரி, எல்லை எல்லாம் முன்னால் வரும், அவற்றை விட்டு நடுப்பகுதியை மட்டும் தருகிறேன்.

"மேற்படி புல எண்ணில் பயிர் நிற்கும் பரப்பு 2 ஏக்கர் 97 செண்டை, பசலி 1435க்கு, சம்பா நெல்லும் அதன் பின் உளுந்தும் பயிர் செய்ய இரண்டாம் நபருக்குக் குத்தகைக்கு விடுகிறேன். காலம் 2025 ஆகஸ்ட் 1 முதல் 2026 ஏப்ரல் 30 வரை. குத்தகை, நெல்லாக 1,350 கிலோ, 17 சதவீத ஈரத்தில், தூற்றியது, சாக்கு எடை நீங்கலாக. 2026 பிப்ரவரி 28க்குள் களத்தில் எடை போட்டுத் தர வேண்டும். இரண்டாம் நபர் விரும்பினால் அதே நாள் அரசுக் கொள்முதல் விலையில் பணமாகத் தரலாம். உளுந்துக்குத் தனிக் குத்தகை இல்லை. வழக்கமான கண்டுமுதல் 60 கிலோ கணக்கில் 90 மூட்டை எனக் கொண்டு, இயற்கைச் சேதத்தில் குறையும் விகிதத்தில் குத்தகை குறையும். நிவாரணமும் காப்பீடும் இரண்டாம் நபருக்கு. தண்ணீர், வாய்க்கால் முறைப்படி. போர் ஐந்து நாளில் மூன்று நாள் இரண்டாம் நபருக்கு. காயில் கட்டும் செலவு இரண்டாம் நபருக்கு, மோட்டார் மாற்றும் செலவும் போர் வேலையும் எனக்கு. மூன்று நாளில் நான் செய்யாவிட்டால் அவர் செய்து குத்தகையில் கழிக்கலாம். நிலவரி என்னுடையது. உள்குத்தகைக்கு விடக்கூடாது, மேல்மண் எடுக்கக்கூடாது. சாகுபடிச் சான்றும் காப்பீடும் பெற எனக்கு ஆட்சேபணை இல்லை."

கேட்ட 27 மூட்டையை இருபத்திரண்டரையாகப் பேசி இறக்கியதுதான் அந்த 1,350 கிலோ. தாளை மூன்று படி எழுதுங்கள். ஆளுக்கொன்று, மூன்றாவது வட்டாட்சியர் அலுவலகத்துக்கு. அங்கே கொடுத்ததற்கு ஒப்புதல் முத்திரை வாங்கி உங்கள் படியோடு சேர்த்துத் தைத்து வையுங்கள்.